பாபர் பிறந்தது பிப்ரவரி 14-ஆ, 23-ஆ? ஒரு ஹிஜ்ரி தேதியை மாற்றிப் பார்த்த கணக்கு

முகலாய அரசை நிறுவிய பாபர் எப்போது பிறந்தார் என்று தேடினால், பெரும்பாலான புத்தகங்களில் 1483 பிப்ரவரி 14 என்று இருக்கும். அவர் பிறந்த ஊரான ஆந்திஜான் இன்று உஸ்பெகிஸ்தானில் இருக்கிறது. அந்த நாட்டிலும் பிப்ரவரி 14-இல்தான் அவர் பிறந்தநாளைக் கொண்டாடுகிறார்கள். ஆனால் மூல வரலாறுகள் தரும் ஹிஜ்ரி தேதியை, அதாவது 888-ஆம் வருடம் முஹர்ரம் பிறை 6-ஐ, கணினியில் உள்ள தேதி மாற்றும் நிரல் ஒன்றில் கொடுத்தால் பிப்ரவரி 23 என்று பதில் வரலாம். சிலர் அதைப் பார்த்துவிட்டு, புத்தகங்கள் எல்லாம் தப்பு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் இரண்டும் ஒரே நாளைத்தான் சொல்கின்றன. எப்படி என்பதைக் கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் புரியும். பேனாவும் தாளும் போதும்.

கணக்குக்கு முன்னால், நம் கையில் இருக்கும் ஹிஜ்ரி தேதி சரியானதுதானா என்று பார்த்துவிட வேண்டும். மூலத் தேதியிலேயே எழுத்துப் பிழை இருந்தால் எவ்வளவு துல்லியமாக மாற்றினாலும் பயனில்லை. பாபர் விஷயத்தில் இதற்கு ஓர் அழகான பாதுகாப்பு இருக்கிறது. அவருடைய உறவினரான மிர்ஸா ஹைதர் எழுதிய வரலாற்றில், மர்கினானைச் சேர்ந்த முனீர் என்ற அறிஞர் பாபரின் பிறப்புக்குக் கட்டிய பாரசீக வரிகள் உள்ளன. அதில் வரும் சொல் 'ஷஷ் முஹர்ரம்'. 'முஹர்ரம் ஆறு' என்று பொருள். ஆனால் அதே சொல்லுக்குள் வருடமும் ஒளிந்திருக்கிறது.

அரபு எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் மதிப்பு உண்டு. இதை அப்ஜத் கணக்கு என்பார்கள். 786 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. பிஸ்மில்லாஹ் வாசகத்தின் எழுத்துகளை இப்படிக் கூட்டினால் வருவதுதான் 786. 'ஷஷ் முஹர்ரம்' என்பதை அரபு எழுத்தில் எழுதினால் ஆறு எழுத்துகள் வரும்: ஷீன், ஷீன், மீம், ஹா, ரா, மீம். இவற்றின் மதிப்பு 300, 300, 40, 8, 200, 40. கூட்டினால் 888. நாளும் மாதமும் சொல்லின் பொருளில் இருக்கின்றன, வருடம் அதன் எழுத்துகளில் இருக்கிறது.

இதனால் ஒரு பெரிய லாபம். பிரதி எடுப்பவர் 888 என்ற எண்ணைத் தவறாக எழுதியிருந்தாலும் சொல்லைக் கூட்டிப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். ஒரு சந்தேகமும் எழத்தான் செய்யும். இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறதே, சொல்லுக்காகத் தேதியை வளைத்திருப்பார்களோ? அதற்குப் பாபரின் சொந்த நினைவுக் குறிப்புகளே பதில் தருகின்றன. 899-ஆம் வருடம் ரமலான் மாதத்தில், தனது பன்னிரண்டாம் வயதில் ஃபர்கானாவின் அரசரானதாக அவர் எழுதுகிறார். 888 முஹர்ரமிலிருந்து 899 ரமலான் வரை எண்ணினால் 11 வருடம் 8 மாதம். பன்னிரண்டாம் வயது நடந்துகொண்டிருந்தது. வருடம் சரியென்று நம்பலாம். நாள் விஷயத்தில் அந்தச் சொல்லை மட்டுமே நம்பியிருக்கிறோம் என்பதையும் மறக்க வேண்டாம்.

இனி மாற்றுவதற்கு வருவோம். முதலில் மனக்கணக்காக ஒரு மதிப்பீடு. ஹிஜ்ரி கி.பி. 622-இல் தொடங்குகிறது என்பதால் 888-உடன் 622-ஐக் கூட்டிவிடுவதுதான் பலரும் செய்யும் தப்பு. 1510 என்று வரும். அந்த வருடம் பாபர் காபூலை ஆண்டுகொண்டிருந்தார்! ஹிஜ்ரி வருடம் முழுக்கச் சந்திரனை வைத்தே ஓடுவதால் அது நம் வருடத்தைவிடப் பத்துப் பதினொரு நாள் சின்னது. நூறு ஹிஜ்ரி வருடம் என்பது ஏறக்குறைய 97 ஆங்கில வருடம். எனவே நூற்றுக்கு மூன்று வீதம் கழிக்க வேண்டும். 888-க்குக் கிட்டத்தட்ட 27 கழித்தால் 861. அதோடு 622-ஐக் கூட்டினால் 1483. சரியான இடத்துக்கு வந்துவிட்டோம்.

நாள் வரை போக வேண்டுமானால் நாட்களை எண்ணியாக வேண்டும். பிறை பார்த்து மாதம் தொடங்கும் முறையில் எந்த மாதம் 29 நாள், எந்த மாதம் 30 நாள் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால் இஸ்லாமிய வானியல் அறிஞர்கள் கணக்குக்காகவே ஒரு சீரான அட்டவணையை வகுத்தார்கள். அதில் முதல் மாதம் 30 நாள், அடுத்தது 29, அதற்கடுத்தது 30 என்று மாறி மாறிப் போகும். வருடத்துக்கு 354 நாள். முப்பது வருடச் சுற்று ஒன்றில் 11 வருடங்களுக்கு மட்டும் ஒரு நாள் அதிகம். ஆக ஒரு சுற்றுக்கு 10,631 நாள். இன்றைய மாற்று அட்டவணைகளில் பெரும்பாலானவை இதன்மேல் கட்டப்பட்டவைதான்.

888 முஹர்ரம் 6 என்றால் 887 வருடங்கள் முடிந்திருக்கின்றன. அதில் 29 முழுச் சுற்றுகள் 870 வருடம். நாட்களாகப் பார்த்தால் 3,08,299. மீதி 17 வருடத்துக்கு 354 வீதம் 6,018 நாள், அவற்றில் வரும் ஆறு கூடுதல் நாட்களைச் சேர்த்தால் 6,024. இதுவரை 3,14,323. முஹர்ரம் முதல் பிறையிலிருந்து ஆறாம் பிறைக்கு இன்னும் 5 நாள். மொத்தம் 3,14,328 நாள்.

ஹிஜ்ரியின் முதல் நாள், பரவலாகப் பின்பற்றும் கணக்கில், கி.பி. 622 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. அங்கிருந்து 3,14,328 நாள் முன்னே போக வேண்டும். அந்தக் காலத்து ஐரோப்பாவில் இருந்தது ஜூலியன் நாட்காட்டி. அதில் நான்கு வருடத்துக்கு ஒரு லீப் வருடம் தவறாமல் வரும், எனவே வருடத்துக்குச் சராசரி 365.25 நாள். 860 வருடத்துக்கு 3,14,115 நாள். இது நம்மை 1482 ஜூலை 16-க்குக் கொண்டுவந்து விடுகிறது. மீதி 213 நாள். ஜூலையில் 15, ஆகஸ்ட் 31, செப்டம்பர் 30 என்று கழித்துக்கொண்டே போனால் ஜனவரி முடியும்போது 199 தீர்ந்திருக்கும். இன்னும் 14. ஆக 1483 பிப்ரவரி 14.

கிழமையையும் பார்த்துவிடலாம். 3,14,328-ஐ 7-ஆல் வகுத்தால் மிச்சமே இல்லாமல் 44,904 வருகிறது. தொடக்க நாள் வெள்ளி என்றால் இந்த நாளும் வெள்ளிதான். இந்தக் கிழமையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், உடனே தேவைப்படும்.

அப்படியானால் பிப்ரவரி 23 எங்கிருந்து வந்தது? நாம் இன்று பயன்படுத்தும் கிரெகோரியன் நாட்காட்டி 1582 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஜூலியன் கணக்கில் சேர்ந்துவிட்ட உபரி நாட்களை நீக்க, அக்டோபர் 4-க்கு அடுத்த நாளை 15 என்று அறிவித்தார்கள். பாபர் பிறந்த காலத்தில் அந்த வித்தியாசம் 9 நாள். கிரெகோரியன் கணக்கை அது பிறப்பதற்கு முந்தைய காலத்துக்கும் பின்னோக்கி நீட்டினால் ஜூலியன் பிப்ரவரி 14-க்கு நிகரான நாள் பிப்ரவரி 23. பல கணினி நிரல்கள் இப்படித்தான் நீட்டுகின்றன. பைத்தானில் நாமே செய்து பார்க்கலாம்:

```python
from datetime import date
y, m, d = 888, 1, 6
n = d + (59*(m-1)+1)//2 + 354*(y-1) + (11*y+3)//30 + 1948439
print(n, n % 7)
print(date.fromordinal(n - 1721425))
```

முதல் வரியில் `2262768 4` என்று வரும். 2262768 என்பது வானியலாளர்கள் பயன்படுத்தும் தொடர் நாள் எண். அதை 7-ஆல் வகுத்து வரும் மிச்சத்தில் 0 என்றால் திங்கள், 4 என்றால் வெள்ளி. இரண்டாம் வரியில் `1483-02-23` என்று வரும். பைத்தானின் `date` எந்த நூற்றாண்டாக இருந்தாலும் கிரெகோரியனாகவே எண்ணும், ஜூலியன் என்ற ஒன்றை அது அறியாது. இதைத் தெரியாமல் கட்டுரையில் அப்படியே எடுத்துப் போட்டால், பக்கத்து வரியில் உள்ள மற்றச் சம்பவங்களோடு ஒட்டாது. ஏனென்றால் 1582-க்கு முந்தைய நாட்களை ஜூலியனில் கொடுப்பதுதான் வரலாற்று நூல்களின் வழக்கம். கொலம்பஸ் கரை கண்ட 1492 அக்டோபர் 12-உம் ஜூலியன் தேதிதான். ஒரே கட்டுரையில் ஒரு தேதி இப்படியும் ஒரு தேதி அப்படியும் இருக்கக் கூடாது.

இதைவிட மோசமான பிழை ஒன்று உண்டு. 23 என்ற விடையைப் பார்த்துவிட்டு, 'பழைய தேதி ஆயிற்றே, ஒன்பது நாள் கூட்ட வேண்டுமே' என்று மறுபடியும் கூட்டுவது. மார்ச் 4 என்று வந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க வழி கிழமைதான். ஜூலியன் பிப்ரவரி 14 வெள்ளி, கிரெகோரியன் பிப்ரவரி 23-உம் வெள்ளி. நாட்காட்டி மாறினாலும் கிழமையின் ஓட்டம் எப்போதும் அறுபட்டதில்லை. மார்ச் 4-க்கு இரண்டு நாட்காட்டியிலும் வெள்ளி வராது. நீங்கள் எந்தத் தேதியை மாற்றினாலும் தொடர் நாள் எண்ணின் கிழமையும் விடையின் கிழமையும் ஒத்துப்போகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கணக்கு முடிந்தது, ஆனால் நாள் எப்போது தொடங்குகிறது என்ற கேள்வி பாக்கி. ஹிஜ்ரி நாள் சூரியன் மறையும்போது தொடங்குகிறது. தமிழ் முஸ்லிம்கள் வியாழன் மாலைக்குப் பிறகு வருவதை வெள்ளி இரவு என்று சொல்வது இதனால்தான். பஞ்சாங்க வழக்கில் நாள் சூரிய உதயத்தில் தொடங்கும், அலுவலகத் தேதி நள்ளிரவில் மாறும். ஆக முஹர்ரம் பிறை 6 என்பது பிப்ரவரி 13 மாலையில் தொடங்கி 14 மாலையில் முடிந்துவிடுகிறது. பிறந்தது முன்னிரவு என்றால் ஆங்கிலத் தேதி 13 ஆகிவிடும்.

பாபர் பிறந்த நேரத்தை அந்தப் பாரசீகச் சொல் சொல்லவில்லை. அவருடைய பேரன் அக்பர் விஷயத்தில் நேரம் கிடைக்கிறது, அதனால் இந்தச் சிக்கலை அங்கே தெளிவாகப் பார்க்கலாம். அக்பர் உமர்கோட்டில் பிறந்தது 949 ரஜப் 5, ஞாயிறு இரவு என்று அபுல் ஃபசல் எழுதுகிறார். அட்டவணைப்படி ரஜப் 5 என்பது ஜூலியன் 1542 அக்டோபர் 15, ஞாயிற்றுக்கிழமை. கிழமை ஒத்துப்போகிறது. ஆனால் அவர் சொல்லும் ஞாயிறு இரவு, நம் பேச்சில் சனிக்கிழமை ராத்திரி. அப்படியானால் அக்டோபர் 14 என்று எழுத வேண்டுமா? வேண்டாம். இரவு தொடங்கி எட்டு மணி நேரத்துக்கும் மேல் கழிந்து குழந்தை பிறந்தது என்றும் அவர் குறித்து வைத்திருக்கிறார். மாலை ஆறு மணியளவில் சூரியன் மறைந்தது என்று வைத்தால் நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு மேல் ஆகிறது. ஆங்கிலக் கணக்கிலும் தேதி மாறிவிட்டது, 15-தான் சரி. மூன்று நான்கு மணி நேரம் முன்னால் பிறந்திருந்தால் 14 என்று எழுத வேண்டியிருந்திருக்கும். மூலத்தில் 'இரவு' என்ற சொல் இருந்தால் அங்கே நின்று யோசிக்க வேண்டும்.

அப்புறம் பிறை. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான். அட்டவணை சராசரியாகச் சரி, ஆனால் ஃபர்கானாவில் இருந்தவர்கள் வானத்தைப் பார்த்துத்தான் மாதத்தைத் தொடங்கினார்கள். மேகம் மூடியிருந்தால் ஒரு நாள் தள்ளிப்போகும். இது வெறும் யூகமில்லை, பாபரின் நினைவுக் குறிப்புகளிலேயே கையில் பிடித்துக் காட்டலாம். அவருடைய தந்தை உமர் ஷேக் மிர்ஸா, அக்ஸி கோட்டையில் புறாக் கூண்டோடு பள்ளத்தில் விழுந்து இறந்தார். பாபர் அதற்குக் கொடுக்கும் தேதி 899 ரமலான் 4, திங்கட்கிழமை. செய்தி ஆந்திஜானுக்கு வந்தது ரமலான் 5, செவ்வாய் என்றும் எழுதுகிறார். இப்போது மேலே உள்ள நிரலில் `y, m, d = 899, 9, 4` என்று கொடுங்கள். நாள் எண் 2266900, மிச்சம் 6, அதாவது ஞாயிறு. ஜூலியனில் 1494 ஜூன் 8.

கணக்கு ஞாயிறு என்கிறது, பாபர் திங்கள் என்கிறார். அடுத்தடுத்த இரண்டு நாட்களுக்கும் கிழமையைச் சேர்த்தே எழுதியிருப்பதால் அவர் தடுமாறியதாகத் தெரியவில்லை. அவர் ஊரில் ரமலான் பிறை அட்டவணையைவிட ஒரு நாள் பிந்தித் தொடங்கியிருக்கிறது என்று எடுத்துக்கொள்வதே இயல்பு. எனவே தேதியை ஜூன் 9 என்று நகர்த்த வேண்டும். இப்படி மோதும்போது கிழமையைத்தான் நம்ப வேண்டும். பிறை ஊருக்கு ஊர் மாறலாம், வெள்ளிக்கிழமைத் தொழுகை இருக்கும் சமூகத்தில் கிழமை மாறிப்போகாது. ஒரு நாள் வித்தியாசம் என்றால் பிறையால் வந்தது என்று கொள்ளலாம். மூன்று நாள், நான்கு நாள் என்று வந்தால் மூலத்தில் எண்ணோ மாதமோ பிழையாகியிருக்கிறது என்று பொருள்.

கிழமையின் பலத்துக்கு இன்னொரு சான்று, பள்ளியில் படித்த பானிபட் போர். 1526 ஏப்ரல் 21 என்று பரவலாக எழுதுகிறார்கள். பாபர் எழுதியது 932 ரஜப் 8, வெள்ளிக்கிழமை. அட்டவணைக் கணக்கு ஏப்ரல் 20 என்று தருகிறது, அது வெள்ளியேதான். 21 சனிக்கிழமை. நேரில் நின்று போரிட்டவரே வெள்ளி என்கிறார், கணக்கும் அதையே சொல்கிறது, எனவே 20 என்பதைத்தான் நான் எடுத்துக்கொள்வேன்.

வயதிலும் இதே சந்திர வருடம் குழப்பும். பாபர் இறந்தது 937 ஜுமாதல் அவ்வல் 6, அதாவது 1530 டிசம்பர் 26. ஹிஜ்ரியில் எண்ணினால் 49 வயதும் நான்கு மாதமும். ஆங்கில வருடத்தில் 47 வயதும் பத்து மாதமும். எங்காவது 49 வயதில் இறந்தார் என்று படித்துவிட்டு 1530-இலிருந்து 49-ஐக் கழித்தால் பிறந்த வருடம் 1481 என்று வரும். பழைய வரலாறுகளில் வயது மட்டும் கொடுக்கப்பட்ட பலருக்குப் பிறந்த வருடம் ஒன்றிரண்டு வருடம் முன்னே தள்ளிப்போவதற்கு இது ஒரு காரணம். கழிப்பதை ஹிஜ்ரியிலேயே கழித்துவிட்டு, வரும் வருடத்தை மாற்ற வேண்டும்.

வருடம் மட்டும்தான் தெரியும், மாதமோ நாளோ இல்லை என்றால் ஒற்றை வருடமாக மாற்றக் கூடாது. 888 தொடங்கியது 1483 பிப்ரவரி 9, முடிந்தது 1484 ஜனவரி 29. எனவே 1483/84 என்று எழுதுவதுதான் நேர்மை.

சரி, பாபருக்கு என்ன எழுதுவது? மூலத் தேதியை முதலில் வைத்து, 'ஹிஜ்ரி 888 முஹர்ரம் 6. ஜூலியன் நாட்காட்டியில் 1483 பிப்ரவரி 14' என்று எழுதுவேன். எந்த நாட்காட்டி என்பதை விடாமல் சொல்வேன், அடுத்து வருபவர் இன்னொரு தடவை ஒன்பது நாள் கூட்டிவிடக் கூடாது. பிறையால் ஒரு நாள் முன்னே பின்னே இருக்கலாம் என்று குறிப்பிடுவேன். வெள்ளிக்கிழமை என்று மட்டும் எழுத மாட்டேன். அக்பருக்கு ஞாயிறு என்று அபுல் ஃபசல் சொல்லியிருக்கிறார், தந்தையின் மரணத்துக்குத் திங்கள் என்று பாபரே சொல்லியிருக்கிறார். பாபர் பிறந்த நாளுக்கு வெள்ளி என்று சொல்வது நம் வகுத்தல் கணக்கு மட்டும்தான், அந்த முஹர்ரம் பிறை ஆந்திஜானில் எந்த மாலையில் தெரிந்தது என்பதை 'ஷஷ் முஹர்ரம்' நமக்குச் சொல்லவில்லை.